லிங்க்கோடு ஒரு வரி

ஒரு வரி எழுதச் சொன்னால் என் தம்பிக்குக் கோபம் வந்துவிடும். வேலைக்கு ஆள் எடுக்கும் மேனேஜர் யாராவது "நீங்கள் எழுதிய கம்ப்யூட்டர் கோடு ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்" என்று கேட்டால் போதும், லிங்க்கை ஒட்டுவான், அனுப்பிவிடுவான். வணக்கம் கிடையாது. இது என்ன செயலி, எதைத் திறந்து பார்க்க வேண்டும், ஒன்றும் கிடையாது. மொட்டையாக ஒரு நீல எழுத்து வரிசை மட்டும் போகும். பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும் எனக்கு வயிறு எரியும்.

"டேய், இது என்னன்னு ஒரு வரி எழுதேண்டா. அந்த ஆளுக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"கோடு பேசும்க்கா."

"பேசும். அவரு திறந்தாதானே பேசும்?"

"திறந்து பார்க்கக்கூட பொறுமை இல்லாதவன்கிட்ட நான் ஏன் வேலை செய்யணும்?"

இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு எந்த அக்கா சும்மா இருப்பாள்? கையில் இருந்த தாள் கட்டால் மண்டையில் ஒன்று போடுவேன். அம்மா சமையலறையிலிருந்து, "வளர்ந்த கழுதைங்க ரெண்டும் அடிச்சுக்குதுங்க பாரு" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே தலையைத் தடவுவான். பதில் மட்டும் எங்கிருந்தும் வராது. ஒரு வாரம் பார்ப்பான், பிறகு வேறொரு கம்பெனிக்கு அதே மொட்டை லிங்க்கை அனுப்புவான்.

சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் எங்கள் வீடு, வாடகை வீடு. நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர், அதுவும் வருஷா வருஷம் புதுப்பிக்கும் தற்காலிக வேலை. தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். ஒரு கம்பெனியில் போனில் வாடிக்கையாளர்களின் வசவை வாங்கிக்கொள்ளும் வேலையில் இருந்தான். அவன் படித்தது வேறு, ஆசைப்பட்டது வேறு. சாயங்காலம் வந்து முகம் கழுவி உட்கார்ந்தால், கோடு எழுதுவதுதான் அவனுக்கு மூச்சு.

அவன் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்த அந்த லிங்க், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் கோயிலுக்காகச் செய்த ஒரு செயலி. அது ஏன் வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் கோயிலில் இறந்தவர்களுக்காகப் பூசைக்குக் கொடுப்பது வழக்கம். கணவர் இறந்த நாள், அம்மாவின் வருஷம், முப்பதாம் நாள், இப்படி ஏதாவது ஒரு நாளைச் சொல்லிப் பெயர் கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குப் பூசை தொடங்கும் முன் அந்தப் பெயரைப் படிப்பார்கள். கொடுத்தவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து, அந்தப் பெயர் வரும் நொடிக்காகக் காத்திருப்பார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் விடியற்காலையில் குளித்து, பூ வாங்கி, பிள்ளைகளை எழுப்பி இழுத்துக்கொண்டு வருவது.

ஒருநாள் ஒரு பெயர் விட்டுப்போயிற்று. பட்டினப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, பூசை முடிந்ததும் அலுவலக வாசலில் நின்று கத்தின கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. "எம் புருசன் பேர ஏன் படிக்கல? கடலு கொண்டுபோன மனுசன்யா! பேரு மட்டுந்தான் மிச்சம், அதையும் நீங்க தொலைச்சிட்டீங்களே!" அலுவலகத்தில் இருப்பவர் ஒரு பக்கம் எழுதுகிறார், பூசை முடிந்து வெளியே வருபவர்களிடம், மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளை ஒரு பக்கம் வாங்கிக்கொள்கிறார், இரண்டும் ஒரே நாளில் மோதினால் ஒன்று காணாமல் போகிறது. நானும் தம்பியும் அன்றைக்கு அங்கே நின்றுகொண்டிருந்தோம். வீட்டுக்கு வரும் வழியிலேயே அவன் முடிவு செய்துவிட்டான்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். தேதி என்னுடையது. பெரிய வெள்ளியன்று பூசையே கிடையாது, அந்த வெள்ளியோ வருஷத்துக்கு வருஷம் நகரும். அன்றைக்கு யாருக்காவது நினைவு நாள் வந்தால் அதற்கு அடுத்து வரும் சரியான நாளுக்கு நகர்த்த வேண்டும், திருவிழா நாட்களில் இத்தனை பெயர்தான் என்று பார்க்க வேண்டும், ஒரு குடும்பம் கேட்ட நேரம் நிரம்பியிருந்தால் பக்கத்து நேரத்தைக் காட்ட வேண்டும். இதெல்லாம் என் பகுதி. பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போட்டுப் போட்டு எனக்கு இது கைவந்த விஷயம்.

தம்பி எடுத்துக்கொண்டதுதான் கஷ்டமான பகுதி. எங்கள் கோயில் அலுவலகத்தின் சுவர் பழைய காலத்துச் சுவர், உள்ளே போனால் போனில் நெட் செத்துவிடும். ஆகவே நெட் இல்லாமலேயே பெயரைப் பதிய வேண்டும், அது போனிலேயே பத்திரமாக இருக்க வேண்டும், நெட் வந்ததும் தானாகப் போய்ச் சேர வேண்டும். உள்ளே இருக்கும் போனும் வாசலில் இருக்கும் போனும் ஒரே நேரத்துக்கு இரண்டு பெயரைப் பதிந்திருந்தால், கடைசியாக வந்தது முதலில் வந்ததை அழித்துவிடக் கூடாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இதற்காக அவன் எத்தனையோ சாயங்காலங்களைச் செலவழித்தான். போதும்டா, யாராவது ஒருத்தர் இன்னொரு தடவை வந்து சொல்வாங்க என்றால், முறைப்பான்.

"செத்தவங்க வந்து கேட்க மாட்டாங்கக்கா. நாமதான் பார்த்துக்கணும்."

எதை மாற்றினாலும், யார் மாற்றினார், எதற்காக என்று ஒரு சின்னக் குறிப்போடு, நாங்கள் கோடு ஏற்றி வைத்திருக்கும் இணையதளத்தில் பதிவாகும். என் குறிப்புகள் எல்லாம் டீச்சர் எழுதுவதுபோல் இருக்கும். அவனுடையது, "அக்கா திட்டினாள், சரி செய்தாயிற்று", "அக்கா சொன்னது தப்பு, ஆனால் சொல்லவில்லை", "பசிக்கிறது, இது ஓடுகிறது" என்று இருக்கும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து வைத்திருப்பான். ஊரே பார்க்கிற இடம்டா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நனைந்த காய்ச்சல் என்று நினைத்தோம். டெங்கு என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நடந்துதான் போனான், ஆட்டோக்காரரிடம் பேரம்கூடப் பேசினான். அந்த வாரம் முடியவில்லை, அவன் முடிந்துவிட்டான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அவனுடைய முப்பதாம் நாள் பூசைக்கு நான்தான் பெயர் கொடுக்கப் போனேன். அலுவலகத்தில் இருப்பவர் என் முகத்தைப் பார்க்காமல் போனை என்னிடமே நீட்டிவிட்டார். நான் அவன் பெயரை அடித்தேன். நெட் இல்லை. "பதிவாகிவிட்டது, நெட் வந்ததும் போய்ச் சேரும்" என்று திரையில் வந்தது. அவன் எழுதிய வாசகம் அது. வாசலுக்கு வந்து நின்றேன், போய்ச் சேர்ந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். பூசையன்று அவன் பெயரைச் சரியாகப் படித்தார்கள்.

கோடை விடுமுறை வந்தபோது பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு, இந்த வருஷம் நிரந்தர ஆள் வந்துவிட்டார், மன்னித்துக்கொள்ளுங்கள் மிஸ் என்று சொல்லிவிட்டார்கள். தம்பி சம்பளம் போய்விட்டது, இப்போது என்னுடையதும் போயிற்று. அம்மா மெதுவாக, கே.கே. நகரில் சின்னதாக ஏதாவது வீடு கிடைக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்தாள். பிறந்ததிலிருந்து சாந்தோம் தாண்டி இருந்தறியாதவள். தம்பியின் கல்லறைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்கு மிச்சமிருந்த ஆசை. அதை அவள் வாய் திறந்து சொல்லவில்லை, எனக்குத் தெரியாதா? எனக்கு ஒரு வேலை கிடைத்தால் இந்த வீட்டிலேயே இருக்கலாம்.

அப்போதுதான் தம்பியின் கூட்டாளி வந்தான். பட்டினப்பாக்கத்துப் பையன். தம்பியோடு கல்லூரியில் படித்தவன், அடையாரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலையில் இருக்கிறான். தம்பி போன பிறகு வாரம் ஒருதரம் வந்து, அம்மா கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

"அக்கா, தி.நகர்ல ஒரு சின்ன கம்பெனி கீது. அங்க மேனேஜர் எனக்குப் பழக்கம். கோடு எழுத ஆளு பாக்குறாராம். உங்களப் பத்திச் சொன்னேன். அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? பயோடேட்டாலாம் அப்பால பாக்கலாம், கோடு லிங்க் ஒண்ணு அனுப்பச் சொல்லு, அதுல நான் இன்னா பாக்கணும்னு ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுன்னாரு."

ஒரே ஒரு வரி! எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே தம்பியின் மொட்டை லிங்க் ஞாபகம் வந்தது.

மறுநாள் மத்தியானம் அடையாரில் அவன் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தோம். நான் ராத்திரியே எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். கோயில், பட்டினப்பாக்கத்து அம்மா, பழைய சுவர், தம்பி, அவன் காய்ச்சல், எல்லாம் அதில் இருந்தது. கூட்டாளி படித்தான். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான்.

"இன்னாக்கா இது, கத எழுதி வச்சிக்கீறீங்க? அவரு ஒரு டீ குடிக்கிற நேரத்துல பத்து லிங்க் பாக்கணும். மூணே விசயந்தான். இது இன்னா, இதுல உங்களுது எது, எத மொதல்ல தொறக்கணும். அவ்ளோதான்."

"தம்பியப் பத்தி?"

"மச்சிய பத்தி எழுதாதீங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா அழுவுற சமாச்சாரம் அங்க உதவாதுக்கா. பாவம்னு கூப்டுவாரு, இல்ல சங்கடப்பட்டுக் கூப்டாம விட்ருவாரு. ரெண்டும் நமக்கு வேணாம்."

அது சரிதான். என் தம்பியின் சாவைக் காட்டி வேலை கேட்கிற அளவுக்கு நான் போகவில்லை. அதை அழித்தேன். கூட்டாளி ஜூஸில் இருந்த ஐஸைக் குச்சியால் குத்திக்கொண்டே இருந்தான். ஏதோ சொல்ல வருகிறான் என்று தெரிந்தது.

"இன்னொண்ணு, கோச்சுக்காதீங்க. அந்த லிங்க்க தொறந்தா பாதிக்கு மேல மச்சி பேருதான் கீது. ஒரு காப்பி எடுத்து, பழைய பதிவெல்லாம் இல்லாம, மொத்தமா ஒரே பதிவா உங்க கணக்குல ஏத்திட்டா, உங்க பேரு மட்டும் இருக்கும். நெறைய பேரு அப்டித்தான் செய்றாங்க."

எனக்கு எங்கிருந்து வந்தது அந்த ஆவேசம் என்று தெரியவில்லை. "செருப்பால அடிப்பேன்" என்று கத்திவிட்டேன். ஜூஸ் போடுகிறவர் மிக்ஸியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அவன் பேர நான் அழிக்கணுமா? அவன் இருந்தான்றதுக்கு அதுலதான்டா சாட்சி இருக்கு. பசிக்கிறதுன்னு எழுதி வச்சிருக்கான்டா பாவி, அத அழிக்கச் சொல்றியா?"

கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க சரின்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துகினே இருந்தேன்க்கா" என்றான். பாவம், என் வீட்டு வாடகைக்காக அவன் தன் மனசையே கல்லாக்கிக்கொண்டு அதைச் சொல்லியிருக்கிறான். எனக்கு அவன்மேல் கோபம் போய், இன்னொரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

தம்பியின் கணக்கில் இருக்கும் லிங்க்கையே அனுப்புவது என்று முடிவாயிற்று. அதன் பிறகு கூட்டாளி தன் தொழிலைக் காட்டினான். சோதிக்கிறவன் அல்லவா? உள்ளே நிஜமான பெயர்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, கோடில் இருப்பதெல்லாம் மாதிரிக்குப் போட்ட பெயர்கள், கோயில் பெயர்கள் தனியாக வேறு இடத்தில் இருக்கின்றன என்றேன். ஓடுகிற செயலியின் லிங்க்கை அனுப்ப வேண்டாம் என்றான். அது இலவச சர்வரில் இருப்பது, யாரும் தொடாத நேரத்தில் தூங்கிவிடும், திறந்தால் ஒரு நிமிஷம் வெள்ளைத் திரைதான். அதைப் பார்த்து அவசரக்காரர் மூடிவிடுவார். கோடு லிங்க்கையும் முகப்புக்குக் கொடுக்காமல், நேராகத் தேதி போல்டருக்கே போகிற மாதிரி எடுக்கச் சொன்னான். கடைசியாக, பிரவுசரில் யாரும் உள்நுழையாத மறைவு ஜன்னலில் திறந்து பார்த்தான். வெளி ஆளுக்கும் திறக்கிறது என்று உறுதியானது.

அப்போது எனக்கு உறைத்தது. தம்பி இத்தனை நாள் அனுப்பிக்கொண்டிருந்தது அந்த ஓடுகிற செயலியின் லிங்க், கோடுக்குப் போகும் வழி அதற்குள்ளேதான் இருந்தது. யாராவது திறந்திருந்தாலும் அவர்கள் பார்த்தது ஒரு வெள்ளைத் திரை. "ஒரு நிமிஷம் ஆகும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் காத்திருந்திருப்பார்களோ என்னவோ! அவன் எதிரில் இருந்திருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன்.

வரியை எழுதி, அழித்து, எழுதினேன். இங்கிலீஷில் எழுதினேன், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கோயில் அலுவலகத்தில் நெட் இல்லாமலும் பெயர் பதியும் செயலி, தேதி ஒதுக்கும் பகுதி நான் எழுதியது, லிங்க் நேராக அதில்தான் திறக்கும், நெட் வந்ததும் பதிவுகளை ஒன்றுசேர்க்கும் பகுதி, பக்கத்து போல்டர், என் தம்பி எழுதியது." கூட்டாளி இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தான். அந்தக் கடைசித் துண்டு உங்களுக்குத் தேவையில்லையே என்று அவன் சொல்லவில்லை. அனுப்பினேன்.

அதற்கப்புறம் போனைப் பார்ப்பதே வேலையாயிற்று. அம்மா எதுவும் கேட்க மாட்டாள், ஆனால் என் போன் சத்தம் போட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். தண்ணீர் லாரி வரும் செய்தி, வங்கி விளம்பரம், கோயில் குழுவில் யாராவது போட்ட காலை வணக்கம், எதுவாக இருந்தாலும் கரண்டி கீழே போய்விடும். ஒரு வேலைக்காக இப்படி ஒரு வயதானவளைத் தவிக்க விடுகிறோமே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

சனிக்கிழமை காலை பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. சங்கரா மீனைக் கூறு போட்டு வைத்திருந்தார்கள். பை ஒரு கையில், போன் ஒரு கையில். அப்படியே நின்று படித்தேன்.

லிங்க்கோடு எழுதிய வரி ரொம்ப உதவியாக இருந்தது, நன்றி என்று தொடங்கியிருந்தார் மேனேஜர். என்னுடைய தேதிப் பகுதி சுத்தமாக இருக்கிறதாம், பெரிய வெள்ளியை நான் கணக்குப் போட்ட விதம் அவருக்குப் பிடித்ததாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அடுத்த வரிக்குப் போனேன்.

"ஆனால் இப்போது எங்களிடம் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. கிடங்குகளுக்குள் நெட் கிடைக்காத இடத்தில் ஓடும் செயலிக்கு ஆள் தேடுகிறோம். நீங்கள் சொல்லியிருந்ததால் பக்கத்து போல்டரையும் திறந்தேன். நாங்கள் இரண்டு மாதமாக முட்டி மோதும் சிக்கலை உங்கள் தம்பி அழகாகத் தீர்த்திருக்கிறார். ஒரு பதிவுகூட விடுபடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வேலை மாற விரும்புவாரா? திங்கட்கிழமை பதினோரு மணிக்கு தி.நகர் அலுவலகத்துக்கு அவரை வரச் சொல்ல முடியுமா?"

திரும்பப் படித்தேன். மறுபடி படித்தேன்.

"இன்னாம்மா, மீன வாங்குறியா, போன பாத்துகினு நிக்கிறியா? பின்னால ஆளு நிக்குது பாரு" என்றார் மீன்காரம்மா.

"திறந்துட்டாங்கடா" என்றேன் சத்தமாக. யாரிடம் சொன்னேன்? அந்த அம்மா என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, மூக்கு ஒழுகி, துடைக்கக் கை இல்லாமல் நின்றேன். அவர் பையை என் கையிலிருந்து வாங்கி, மீனைப் போட்டுத் தந்து, "அப்டி ஓரமா குந்து தாயி" என்று ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார்.

கவிழ்த்த கூடையில் உட்கார்ந்துதான் பதில் எழுதினேன். "என் தம்பி போன மழைக்காலத்தில் இறந்துவிட்டான். அவன் எழுதியதைத் திறந்து பார்த்ததற்கு நன்றி." அனுப்பிய உடனே மேனேஜர் போன் செய்துவிட்டார். கூட்டாளி கொடுத்த எண்ணாக இருக்க வேண்டும். சின்ன வயதுக்காரர், குரல் தடுமாறியது.

"மேடம், சாரி மேடம், எனக்குத் தெரியாது. அப்படி எழுதியிருக்கவே மாட்டேன்."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்? நான் சொல்லலையே."

"உங்க பகுதியும் நல்லாதான் இருக்கு மேடம். இப்போ அந்த ஒரு இடத்துக்குத்தான்... வேற இடம் வந்தா கண்டிப்பா சொல்றேன்."

அது எனக்குக் கிடைக்கவில்லை என்பது புரிந்தது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நெட் இல்லாத இடத்தில் கோடு ஓட்ட ஆள் வேண்டியவர், என் காலண்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவர் போனை வைக்கும் முன் அவசரமாகக் கேட்டேன்.

"சார், ஒண்ணே ஒண்ணு. அது நெசமாவே நல்லா இருந்துச்சா? என் மனசுக்காகச் சொல்லாதீங்க."

"மேடம், நேத்து என் டீம்ல எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வச்சு அதைத்தான் காட்டினேன். அவரோட குறிப்பெல்லாம் படிச்சு சிரிச்சோம். அக்கா திட்டினாள்னு போட்டிருக்காரே, அந்த அக்கா நீங்கதானா?"

"நான்தான் சார்" என்றேன். போனை வைத்துவிட்டுக் கூடையை நிமிர்த்தி வைத்தேன்.

என் தம்பி எத்தனை வருஷம் அந்த லிங்க்கை ஊரெல்லாம் அனுப்பினான்! ஒரு பயல் திறக்கவில்லை. யாரோ ஒருவர் முதல்முறையாகத் திறந்து, ஆள் சேர்த்து வைத்துக் காட்டி, இவன் எனக்கு வேண்டும் என்று கேட்கிறபோது, அவன் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறான். ஒரு வரிடா. ஒரே ஒரு வரி. எழுதியிருந்தால் கை ஒடிந்தா போயிருக்கும்? கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே அவனைத் திட்டினேன். எதிரில் வந்தவர்கள் நான் போனில் சண்டை போடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா மீனை வாங்கிக்கொண்டு போய் உப்புப் போட்டு அலச ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்காமலேயே, "வந்துச்சா?" என்றாள். அழுத முகத்தோடு உள்ளே வந்தவளைப் பார்த்து வேறு என்ன கேட்பாள்!

"வந்துச்சும்மா."

"கிடைச்சுதா?"

"எனக்கு இல்லம்மா. தம்பிக்கு."

அம்மா குழாயை மூடினாள். நான் போனை எடுத்து, மேனேஜர் எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அழகாகத் தீர்த்திருக்கிறான் என்ற இடத்தில், "இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன். அவள் ஈரக் கையோடு அப்படியே நின்று கேட்டாள். முகத்தில் ஒரு பெருமை வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"எப்போ வரச் சொல்லியிருக்காங்க?"

"திங்கட்கிழமை. பதினோரு மணிக்கு."

"எங்க?"

"தி.நகர்ல."

அம்மா தலையை ஆட்டினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தம்பியின் துணி இருக்கும் அலமாரிப் பக்கம் இரண்டு அடி வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

"நல்ல சட்டைன்னு ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருந்தான். இன்டர்வியூவுக்குன்னு எடுத்தது" என்றாள். "அதப் போட்டுத்தானே அவன பெட்டியில வச்சோம்."